சோழிங்கநல்லூரில் இரவு ஷிப்ட்: பத்து மணிக்கு கேட் பூட்டும் ஹாஸ்டலில் தங்கையைச் சேர்க்கலாமா?

தென்காசிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு சோழிங்கநல்லூரில் ஒரு பிபிஓ கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. மதியம் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றரைக்கு முடியும் ஷிப்ட். கம்பெனி கேப் உண்டு. வழியில் மற்றவர்களை இறக்கிவிட்டு வர பன்னிரண்டரை ஆகிவிடும் என்கிறார்கள்.

போனில் விசாரித்து இரண்டு லேடீஸ் ஹாஸ்டல் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று வேளச்சேரியில். மூன்று பேர் அறை, சாப்பாட்டோடு மாதம் 7,500. இரவு 10 மணிக்கு கேட் மூடிவிடுவார்கள். ஷிப்ட் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா, இங்க ஐடி பொண்ணுங்க நிறைய இருக்காங்க" என்றார் ஓனர். இன்னொன்று காரப்பாக்கத்தில். இரண்டு பேர் அறை, 9,500. நேரக் கட்டுப்பாடே கிடையாது, கைரேகை வைத்தால் கதவு திறக்கும். அப்பாவுக்கு வேளச்சேரிதான் பிடித்திருக்கிறது, தங்கைக்குக் காரப்பாக்கம். இந்த ஞாயிறு நான் நேரில் போகிறேன். பார்த்தே ஆக வேண்டியவை எவை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் கார்த்திகா

முதலில் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். கார்ப்பரேஷன் லைசென்ஸ் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, எல்லாவற்றையும் சோதித்துத்தான் கொடுப்பார்கள். சிசிடிவி கண்டிப்பாக வேண்டும். அப்புறம் வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி தனியாகப் போடுவார்கள், அதையும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். இரண்டில் எது என்றால் என் ஓட்டு காரப்பாக்கத்துக்கு. பன்னிரண்டரை மணிக்கு வருகிற பெண்ணுக்குப் பத்து மணி கேட் எப்படிச் சரிப்படும்?

இரு பெண்களின் அப்பா

உங்கள் அப்பா சொல்வதுதான் சரி என்பேன். என் பெரிய பெண் நுங்கம்பாக்கத்தில் ஒன்பதரை மணி ஹாஸ்டலில் இருந்தாள். ஒரு நாள் ஒன்பதரைக்கு வரவில்லை என்றால் வார்டனே எங்களுக்கு போன் செய்வார். பெண் வந்தாளா இல்லையா என்று கவனிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பெரிய நிம்மதி. யார் எப்போது வேண்டுமானாலும் வரலாம் போகலாம் என்ற இடத்தில், உங்கள் தங்கை ஒரு இரவு வராமலே போனாலும் மறுநாள் வரை யாருக்கும் தெரியாது.

முன்னாள் வார்டன்

அடையாறிலும் பெருங்குடியிலும் ஹாஸ்டல் நடத்தும் வேலையில் இருந்தவள் நான். மேலே இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதை விட, மூடிய பிறகு யார் திறப்பார், சாவி யாரிடம், அந்த ஆள் எங்கே படுத்திருப்பார் என்பதுதான் முக்கியம்.

பத்து மணி கேட் வைத்திருக்கும் ஹாஸ்டலில் ஷிப்ட் பெண்களுக்கு என்று ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். எங்கள் இடத்தில் எச்ஆரிடமிருந்து ஷிப்ட் நேரம் போட்ட கடிதம் வாங்குவோம். ஷிப்ட் மாறினால் புதுக் கடிதம். அந்தப் பெண்களின் பெயர் மட்டும் தனி நோட்டில் இருக்கும், அன்றிரவு யார் எத்தனை மணிக்கு வருவார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியும். கேப் வரும்போது அவர் கேட்டில் நிற்பார். கடைசிப் பெண் உள்ளே வந்த பிறகுதான் இரவு வார்டன் படுப்பார். "பார்த்துக்கலாம்" என்று சொல்லும் இடத்தில் இந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இருந்தால் உடனே எடுத்துக் காட்டுவார்கள். இல்லையென்றால் ஷிப்ட் பெண்கள் கேட்டில் நின்று போன் அடித்துத்தான் உள்ளே போகிறார்கள் என்று அர்த்தம். நடுராத்திரியில் கேட்டுக்கு வெளியே நிற்கும் அந்தக் கால் மணி நேரம்தான் உண்மையான ஆபத்து. பாதுகாப்புக்கென்று வைத்த விதியே அதைக் கொண்டுவருகிறது.

கைரேகைக் கதவுக்கும் கேள்வி இருக்கிறது. காலி செய்து போன பெண்களின் ரேகையை யார் அழிக்கிறார்கள்? மேனேஜர், எலக்ட்ரீஷியன், ஓனர் மகன் என்று யார் யாருடைய ரேகை அதில் இருக்கிறது? கரண்ட் போனால் கதவு என்ன ஆகும்? காந்தப் பூட்டு என்றால் மின்சாரம் நின்றதும் தானாகவே திறந்துவிடும். பேட்டரி இருந்தால் அது தீரும் வரை மூடியே இருக்கும். அதனால் உள்பக்கம் கையால் அழுத்தித் திறக்கும் பட்டன் இருக்கிறதா, அதை அழுத்தினால் கதவு திறக்கிறதா என்று நீங்களே அழுத்திப் பாருங்கள். உள்ளேயிருந்து வெளியே போகவும் கைரேகைதான் என்றால் அந்த இடம் வேண்டாம்.

இன்னொன்று. ஞாயிறு பகலில் மட்டும் போகாதீர்கள், இரவு பத்தே காலுக்கும் ஒரு முறை போங்கள்.

மதுரை மல்லி

வார்டன் அம்மா சொன்ன சாவி விஷயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 செப்டம்பர் 12 அன்று அதிகாலையில் எங்கள் ஊர் கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. அங்கே தங்கி வேலைக்குப் போய்வந்த இரண்டு பெண்கள் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். பழைய கட்டடம், இடிக்கச் சொல்லி மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கம்தான். அந்தத் தெரு வழியாக தினமும் போகிறவள் நான்.

அதற்குப் பிறகு எந்த ஹாஸ்டலுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது மாடிப்படிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான். இன்வெர்ட்டர் பேட்டரி, இபி மீட்டர் போர்டு, ஃபிரிட்ஜ், காஸ் சிலிண்டர், இப்போது சார்ஜில் போட்ட எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று எல்லாவற்றையும் அங்கேதான் வைக்கிறார்கள். இறங்கி வர அந்த ஒரு படிதான் வழி. கீழே தீப்பிடித்தால் புகை முழுவதும் படி வழியாகத்தான் மேலே ஏறும். பால்கனிக்கெல்லாம் கிரில் போட்டு அடைத்திருப்பார்கள், மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கும். இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா, மாடிக் கதவுச் சாவி அந்தத் தளத்திலேயே தொங்குகிறதா என்று பாருங்கள்.

ஓஎம்ஆர் கார்த்திகா

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் உள்ள இடத்தில் தீயணைப்புத் துறை பார்த்திருப்பார்கள்தானே?

சட்டம் படித்தவள்

கார்த்திகா, இரண்டு திருத்தம். பெண்கள் விடுதிக்கு உரிமம் கொடுப்பது மாவட்ட ஆட்சியர். 2014-இல் வந்த தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகள் விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அந்த உரிமம் இல்லாமல் நடத்தக் கூடாது. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகிய சான்றுகளை வைத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கார்ப்பரேஷன் டிரேட் லைசென்ஸைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டு அதையே லைசென்ஸ் என்று காட்டுகிறவர்கள் உண்டு. அது இதற்கு ஈடாகாது. ஆட்சியர் பெயரில் உள்ளதா, முகவரி இதே கட்டடத்தினுடையதா, காலாவதி ஆகிவிட்டதா என்று மூன்றையும் பாருங்கள். ஒரே ஓனர் மூன்று கட்டடம் வைத்துக்கொண்டு ஒன்றின் உரிமத்தை மூன்றிலும் மாட்டி வைப்பது நடக்கிற விஷயம். சந்தேகம் வந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம்.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. உரிமம் இருந்தால் ஒரு நாள் யாரோ வந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு படிக்குக் கீழே என்ன வந்து சேர்ந்தது என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

ஜிஎஸ்டி பற்றி: ஒரு ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி கிடையாது. 2024 ஜூன் மாத ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் முடிவானது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றமும் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி குடியிருப்புதான் என்று சொல்லிவிட்டது. 7,500 ரூபாய் அறைக்கு ஜிஎஸ்டி கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்

என் அனுபவத்தையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். போரூர் பக்கம் ஒரு ஹாஸ்டலில் இருந்தேன். நைட் டியூட்டி முடிந்து காலை எட்டரைக்கு வருவேன். இரவு திரும்பி வருவதில் பிரச்சினை இருக்கவில்லை, பகலில்தான். ஒன்பது மணிக்கு டிபன் எடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கு மோட்டார் நின்றுவிடும். அறையைக் கூட்ட ஆள் வரும், பிளம்பர் வருவார், கதவைத் தட்டுவார்கள். தூங்கவே முடியாது. வெளியே வந்தபோது அட்வான்ஸில் பெயின்டிங் செலவு என்று இரண்டாயிரம் பிடித்தார்கள், ரசீதில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் தங்கை பன்னிரண்டரைக்கு வந்தால் இரவுச் சாப்பாடு எங்கே? எடுத்து மூடி வைப்பார்களா, அதைச் சூடு பண்ண அடுப்போ ஓவனோ உண்டா என்று கேளுங்கள். அட்வான்ஸில் எவ்வளவு, எதற்காகப் பிடிப்பார்கள் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

சேலம் சரண்யா

என் தங்கச்சி கிண்டியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் காலேஜ் ஹாஸ்டலில் ஆறரைக்கே கேட் மூடுகிறார்கள். இதற்கு யாரிடம் புகார் கொடுப்பது?

சட்டம் படித்தவள்

சரண்யா, இங்கே பேசுவது வேலைக்குப் போகும் பெண்களின் தனியார் விடுதி பற்றி. கல்லூரி விடுதிக்குக் கல்லூரி நிர்வாகம்தான் விதி போடுகிறது. தனி இழை தொடங்குங்கள், அங்கே எழுதுகிறேன்.

தென்காசிக்காரி

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை போனில் திறந்து வைத்துக்கொண்டே இரண்டு இடத்தையும் பார்த்தேன். பகலிலும் போனேன், இரவும் போனேன்.

வேளச்சேரி: பகலில் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆட்சியர் உரிமம் மாட்டியிருக்கிறது, முகவரி சரி, காலாவதி ஆகவில்லை. குளியலறை சுத்தம், சாம்பார் வாசனையே நன்றாக இருந்தது. படிக்குக் கீழே இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரி, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் சமையலறை. ஷிப்ட் நோட்டு கேட்டேன். "அதெல்லாம் வாட்ச்மேனுக்கு மனப்பாடம்மா" என்றார்கள். இரவு போனபோது கொலாப்சிபிள் கேட்டுக்கு வெளிப்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் தெருமுனை டீக்கடையில். மூன்று பெண்கள் லேப்டாப் பையோடு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ரோ வேலை நடப்பதால் ஓஎம்ஆரில் பஸ் நகரவில்லை, அதனால் தாமதம் என்றார்கள். தாமதத்துக்கு 200 ரூபாய் அபராதம், அடிக்கடி வந்தால் வீட்டுக்கு போன் போகுமாம். வாட்ச்மேன் வந்து திறக்க நல்ல நேரமாயிற்று. ஓனர் வீடு அடுத்த தெருவில், சாவி வாட்ச்மேனிடம் மட்டும்தான். உள்ளே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள்.

காரப்பாக்கம்: உள்பக்கம் பட்டன் இருக்கிறது, அழுத்தினால் உடனே திறக்கிறது. மெயினை அணைத்துக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள், கதவு விட்டுவிட்டது. பின்பக்கம் இரும்புப் படி ஒன்று உண்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான். இதெல்லாம் நல்லது. ஆனால் இரவு வார்டன் கிடையாது. கீழ்த்தளத்தில் ஒரு கேர்டேக்கர், ஆண். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சாப்பாடு டெலிவரிப் பையன் ஒருவர் யாரோ ஒரு பெண்ணின் பின்னாலேயே உள்ளே வந்து இரண்டாம் மாடி வரை போய்விட்டு இறங்கினார். யாரும் கேட்கவில்லை. பழைய ரேகைகளை யார் அழிப்பது என்றதற்கு "மெஷின் போட்ட கம்பெனிக்காரர் வருவார்" என்றார்கள். உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்களாம், நம்பர் கேட்டால் இல்லை.

இப்போது இரண்டுமே வேண்டாம் என்று தோன்றுகிறது.

முன்னாள் வார்டன்

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். வேளச்சேரியில் வெளிப்பூட்டு ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. உள்பக்கம் பூட்டி, சாவியைக் கதவோரம் ஆணியில் மாட்டினால் போதும், ஒரு ரூபாய் செலவில்லை. அதைக்கூடச் செய்யாத இடம்.

காரப்பாக்கத்தில் கதவு நல்ல கதவு, பார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த மெஷினில் யார் எப்போது வந்தார் என்று பதிவாகிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த அப்பா சொன்ன பயம் இங்கே பொருந்தும்.

இரு பெண்களின் அப்பா

நான் சொன்னதில் இந்த வெளிப்பூட்டு சேராது. பெண்களை உள்ளே வைத்து வெளியே பூட்டுவதை எந்தத் தகப்பனும் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனாலும் நேரம் வைப்பது தவறு என்று என்னால் ஏற்க முடியாது. வீட்டுக்கு போன் செய்வதிலும் தவறில்லை.

ஓஎம்ஆர் கார்த்திகா

இருபத்தாறு வயதுப் பெண், சம்பாதிக்கிறாள், வரி கட்டுகிறாள். பஸ் தாமதமானதற்கு அவளிடம் 200 ரூபாய் அபராதமும் வாங்கி, அப்பாவுக்கு போனும் போட வேண்டுமா? வரவில்லை என்றால் முதலில் அவளுக்கே போன் செய்யட்டும். அவள் எடுக்கவில்லை என்றால், அவளே எழுதிக் கொடுத்த நம்பருக்குச் செய்யட்டும். அது தோழியாகவும் இருக்கலாம்.

இரு பெண்களின் அப்பா

தோழியும் எடுக்கவில்லை என்றால்? இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

மதுரை மல்லி

ஒளித்து வைக்கும் கேமரா பற்றி யாரும் சொல்லவில்லையே. சிசிடிவி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் விடுதி நடத்தியவரே அறையிலும் குளியலறையிலும் கேமரா ஒளித்து வைத்துக் கைதானார். அங்கே இருந்த பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். பிளக் பாயிண்ட் போன்ற சாதாரண இடங்களில் வைத்திருந்தார். அதற்குப் பிறகுதான் எல்லா விடுதிகளும் பதிவு செய்ய வேண்டும் என்று ஆட்சியர் கெடுபிடி செய்தார்.

அறைக்குப் போனதும் கட்டிலுக்கும் குளியல் இடத்துக்கும் நேரே இருக்கும் பிளக், ஹேங்கர், எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாவற்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஒரே சுவரில் தேவையில்லாமல் இரண்டு பிளக் இருந்தால், ஒன்றில் கரண்ட் வரவில்லை என்றால் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் லென்ஸ் புள்ளியாக மின்னும். ஆப் எல்லாம் எல்லா நேரமும் பிடிக்காது. வராந்தா சிசிடிவி குளியலறைக் கதவைப் பார்த்து இருக்கிறதா, அந்தப் படம் யார் போனில் ஓடுகிறது என்றும் கேட்க வேண்டும்.

தென்காசிக்காரி

மல்லி, அது எனக்குத் தோன்றவே இல்லை. வேளச்சேரியில் ஓனர் போனில் லைவாக ஓடிக்கொண்டிருந்தது, பெருமையாகக் காட்டினார்.

அரசாங்கத்தின் தோழி விடுதி எப்படி? யாராவது இருந்திருக்கிறீர்களா?

ஸ்டாஃப் நர்ஸ்

என் தோழி தாம்பரம் தோழியில் இருக்கிறாள். 2023-இல் திறந்தது. பயோமெட்ரிக், இருபத்துநான்கு மணி நேரக் காவல், சுடுதண்ணீர், நாப்கின் எரிக்கும் மெஷின் எல்லாம் இருக்கிறது. tnwwhcl.in தளத்தில் எங்கே எந்த அறை காலி என்று பார்த்து அங்கேயே பதிவு செய்யலாம். சில நாள் மட்டும் தங்கவும் இடம் கொடுக்கிறார்கள். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் வந்துவிடலாம். ஆனால் கம்பெனி கேப் அந்த ரூட்டில் போகுமா என்று முதலில் கேளுங்கள். கேப் எல்லைக்கு வெளியே என்றால் அவ்வளவு நல்ல விடுதியும் உங்களுக்குப் பயன்படாது.

சட்டம் படித்தவள்

அது நல்ல கேள்வி. இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்கினால் அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் போக்குவரத்தும் கம்பெனியின் பொறுப்பு. கேப் ஹாஸ்டல் வாசல் வரை வருமா, தெருமுனையோடு நிற்குமா, உள்ளே போகும் வரை டிரைவர் காத்திருப்பாரா என்று எச்ஆரிடம் மெயிலில் கேட்டு பதிலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் ஹாஸ்டலுக்கு ஆதார் நகல் கொடுக்கும்போது கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் எதற்காகக் கொடுத்தது, என்ன தேதி என்று குறுக்கே எழுதிவிடுங்கள்.

தென்காசிக்காரி

கேட்டுவிட்டோம். தாம்பரம் கேப் எல்லைக்குள் இல்லை. தங்கையின் டீமில் உள்ள ஒரு பெண் தங்கியிருக்கும் துரைப்பாக்கம் ஹாஸ்டலைப் பார்த்தோம். கேட் பத்தரைக்கு, ஆனால் வார்டன் அம்மா சொன்ன மாதிரியே ஷிப்ட் நோட்டு இருக்கிறது. கேட்டவுடன் மேசையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். பக்கத்தில் கேப் நம்பர் எழுத ஒரு கட்டமும் உண்டு. ஒரு மணி வரை விழித்திருக்கும் இரவு வார்டன் பெண். பூட்டு உள்பக்கம். ஆட்சியர் உரிமம் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டை ஹாட்பாக்ஸில் எடுத்து வைக்கிறார்கள். குறை: மூன்று பேர் அறைக்கே 9,000, லாரித் தண்ணீர், மொட்டை மாடிச் சாவி ஓனர் பீரோவில். மேல்தளத்தில் ஆணியில் மாட்டச் சொல்லிக் கேட்டேன். துணி காயப்போடும் இடத்தில் பெண்கள் இரவில் போன் பேசுகிறார்கள், அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

முன்னாள் வார்டன்

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். உடைத்தால்தான் எடுக்க முடியும், அவர் சொல்லும் காரணமும் அடிபட்டுப் போகும். அட்வான்ஸை முழுதாகக் கொடுப்பதற்கு முன் இதைக் கேளுங்கள், கொடுத்த பிறகு யாரும் ஆணி அடிக்க மாட்டார்கள்.

தென்காசிக்காரி

அதையே சொல்லியிருக்கிறேன். ஒரு மாத வாடகை மட்டும் கட்டி வைத்திருக்கிறோம். சாவிப் பெட்டி போட்டோ அனுப்பினால் அட்வான்ஸ். மாதம் 9,000 அதிகம் என்றுதான் அப்பா இன்னும் சொல்கிறார்.